விசாவின் வீதம் எது, வங்கியின் பங்கு எது?

கேள்வி: ஐயா, அப்பாவின் சிகிச்சைக்காகப் பலாலியிலிருந்து சென்னை சென்று, அங்கிருந்து வேலூருக்குப் போனோம். வெள்ளிக்கிழமை மாலை மருத்துவமனையில் 40,000 இந்திய ரூபாவை என் கடனட்டையால் செலுத்தினேன். அன்று கூகுளில் பார்த்தபோது ஓர் இந்திய ரூபா 3.50 இலங்கை ரூபா. ஆகவே 1,40,000 வரும் என்று நினைத்தேன். உடனே வந்த குறுஞ்செய்தியில் 1,45,521 என்றிருந்தது. மாத இறுதியில் வந்த கூற்றில் 1,46,556 ஆகிவிட்டது. அதே நாளில் தங்குவிடுதிக்குக் கட்டிய 12,000 இந்திய ரூபாவுக்கு 44,520 ரூபாவும், அதன் கீழே தனியாக 890.40 ரூபாவும் பதிந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கிளையில் கேட்டால், "அது விசாவின் வீதம், எங்கள் கையில் எதுவும் இல்லை" என்கிறார்கள். உண்மைதானா? இன்னும் சில மாதங்களில் அப்பாவை மறுபடி கூட்டிச் செல்ல வேண்டும். கூற்றின் பிரதியை இணைத்திருக்கிறேன்.
– தெல்லிப்பழை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கிளையில் சொன்னது பாதி உண்மை. உங்கள் கூற்றில் இருக்கும் தொகைக்குள் விசாவின் வீதமும் இருக்கிறது, வங்கியின் பங்கும் இருக்கிறது. முதலாவதை வங்கி தீர்மானிப்பதில்லை. இரண்டாவதை வங்கி மட்டுமே தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே எண்ணாகக் கலந்து வருவதால், முழுவதையும் விசாவின் தலையில் கட்டிவிடுவது எளிதாகிவிடுகிறது. வாடிக்கையாளருக்கு முழு விடையைச் சொல்லாமல் அனுப்புவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. ஆனால் இதைப் பிரித்துப் பார்க்க நீங்கள் யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை. இரண்டு வகுத்தல் கணக்குகள் போதும்.

முதலில் அந்த 40,000 ரூபா போன வழியைப் பார்ப்போம். மருத்துவமனையின் கருவியில் நீங்கள் அட்டையைச் செருகியபோது, அந்தத் தகவல் மருத்துவமனைக்குக் கருவி கொடுத்த இந்திய வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசாவின் வலையமைப்பு வழியாக இலங்கையில் உங்களுக்கு அட்டை வழங்கிய வங்கிக்கு வருகிறது. அந்த நேரத்தில் வங்கி செய்வது ஒப்புதல் கொடுப்பது மட்டுமே. அன்றைய நிலவரப்படி ஒரு தொகையைக் கணித்து, அவ்வளவை உங்கள் கடன் எல்லையில் ஒதுக்கி வைக்கிறது. குறுஞ்செய்தியில் வந்த 1,45,521 இந்த ஒதுக்கீடுதான். பணம் இன்னும் கைமாறவில்லை.

பிறகு மருத்துவமனையின் அன்றைய வரவுகள் எல்லாம் தொகுக்கப்பட்டு, இந்திய வங்கி வழியாக விசாவுக்குத் தீர்வுக்கு அனுப்பப்படுகின்றன. அதை விசா செயற்படுத்தும் நாளின் வீதமே உங்கள் கணக்கில் ஏறும் வீதம். உங்கள் கொடுப்பனவு வெள்ளி மாலை நடந்தது, இடையில் சனியும் ஞாயிறும் வந்தன. கூற்றில் பதிவுத் திகதி செவ்வாய்க்கிழமை என்றிருக்கிறது. அந்த இடைவெளியில் இலங்கை ரூபா சற்று இறங்கியிருக்கிறது. குறுஞ்செய்திக்கும் கூற்றுக்கும் இடையிலான 1,035 ரூபா இதனால் வந்தது. வங்கி பின்னர் எதையோ நுழைத்துவிட்டது என்று இந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டாம். ரூபா ஏறியிருந்தால் இதே வழியில் கூற்றுத் தொகை குறுஞ்செய்தியைவிடக் குறைந்தும் வந்திருக்கும்.

விசாவின் வீதம் எப்படி உருவாகிறது? நாணயங்கள் மொத்தமாகக் கைமாறும் சந்தையில் அந்த நாளில் கிடைக்கும் வீதங்களின் வரம்புக்குள் ஒன்றை விசா தேர்ந்தெடுத்து வெளியிடுகிறது. மாஸ்டர்கார்ட் தன் வீதத்தைத் தனியாக வெளியிடுகிறது. ஒரே நாளில் இரண்டும் சற்று வேறுபடலாம். கூகுளில் நீங்கள் பார்த்தது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள எண். அந்த விலையில் யாரும் உங்களுக்கு நாணயம் விற்பதில்லை. அத்துடன் இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் பெரும்பாலும் டொலரை நடுவில் வைத்தே ஒப்பிடப்படுவதால், இந்த ஜோடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி டொலரில் இருப்பதைவிட அகலமாக இருக்கும். எனவே விசாவின் வீதம் கூகுள் எண்ணைவிடச் சற்று மேலே நிற்பது இயல்பு. பொதுவாக அது சிறிய வித்தியாசம்தான்.

இந்த வீதத்தின் மேல் வங்கி ஒரு சதவீதத்தைக் கூட்டுகிறது. வங்கித் தொழிலில் இதை மார்க்அப் என்பார்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்காக வலையமைப்பு வங்கியிடம் அறவிடும் கட்டணம், நாணய ஏற்ற இறக்கத்தின் ஆபத்து, வங்கியின் இலாபம் ஆகிய மூன்றும் அதற்குள் அடக்கம். எந்த விகிதத்தில் அடக்கம் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டும் வழக்கம் இல்லை. வங்கி இதைத் தனி வரியாகவும் காட்டலாம், வீதத்துக்குள்ளேயே கரைத்தும் விடலாம். உங்கள் வங்கி கரைத்திருக்கிறது. மருத்துவமனைப் பதிவின் கீழே தனிக் கட்டணம் எதுவும் இல்லாததைப் பார்த்து, அதற்குக் கட்டணமே எடுக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். கூற்றில் உள்ள இலங்கை ரூபாவை இந்திய ரூபாவால் வகுத்தால் உங்களுக்கு உண்மையில் விதிக்கப்பட்ட வீதம் கிடைக்கும். 1,46,556 ஐ 40,000 ஆல் வகுக்க 3.6639 வருகிறது. அடுத்து, விசாவின் இணையத்தளத்தில் உள்ள நாணயமாற்றுக் கணிப்பானைத் திறவுங்கள். செலுத்திய நாணயம் இந்திய ரூபா, அட்டையின் நாணயம் இலங்கை ரூபா என்று கொடுங்கள். இரண்டும் இடம் மாறிவிட்டால் தலைகீழான எண் வரும். வங்கிக் கட்டணம் கேட்கும் கட்டத்தில் பூச்சியம் இடுங்கள். இல்லையேல் விசாவின் தனி வீதம் தெரியாது. அட்டையை நீட்டிய வெள்ளிக்கிழமையைக் கொடுக்கக்கூடாது, விசா செயற்படுத்திய நாளைக் கொடுக்க வேண்டும். நான் பார்த்தபோது அந்த நாளுக்குரிய வீதம் 3.54. இப்போது 3.6639 ஐ 3.54 ஆல் வகுங்கள். விடை 1.035. அதாவது வங்கி எடுத்தது 3.5 சதவீதம்.

விடை இவ்வளவு சுத்தமாக வந்தது தற்செயல் அல்ல. வங்கிகள் மார்க்அப்பை 2.5, 3, 3.5 என்பது போன்ற வட்டமான எண்களில்தான் வைக்கின்றன. வகுத்தபோது 1.0317 என்பது போல ஒட்டாத எண் வந்தால், திகதி பிசகியிருக்கலாம் என்று முதலில் நினையுங்கள். பதிவுத் திகதிக்கு ஒரு நாள் முன்னும் பின்னும் போட்டுப் பாருங்கள். அதே கூற்றில் உள்ள இன்னொரு பெரிய பதிவையும் வகுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பதிவுகளுக்கும் ஒரே சதவீதம் வந்தால் அதுவே உங்கள் வங்கியின் மார்க்அப். முத்திரை வரி போன்ற அரச அறவீடு கூற்றில் தனியாக இருந்தால் அதையும் சேர்க்காதீர்கள். அது வங்கியின் பங்கல்ல.

இப்போது நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடிய 6,556 ரூபாவைப் பிரிக்கலாம். வெள்ளிக்கும் செயற்படுத்திய நாளுக்கும் இடையில் சந்தை நகர்ந்து, கூகுளின் நடு எண்ணே 3.50 இலிருந்து 3.525 ஆகியிருந்தது. அதற்கு 1,000 ரூபா. அந்த நடு எண்ணுக்கும் விசாவின் 3.54 க்கும் உள்ள வித்தியாசம் 600 ரூபா. எஞ்சிய 4,956 ரூபா வங்கியுடையது. "விசாவின் வீதம்" என்று கிளையில் காரணம் காட்டப்பட்ட பகுதி உண்மையில் 600 ரூபாதான் என்பதைக் கவனியுங்கள்.

இந்த 4,956 ரூபாவை எடுத்தது தவறா? வங்கி வெளியிட்டிருக்கும் கட்டணப் பட்டியலில், வெளிநாட்டு நாணயக் கொடுக்கல் வாங்கல் என்ற வரியில் 3.5 சதவீதம் என்றிருந்தால், அது அறிவித்து எடுத்த கட்டணம். திருப்பிக் கேட்க முடியாது. பட்டியலில் அதைவிடக் குறைவாக இருந்தாலோ, அப்படி ஒரு வரியே இல்லாவிட்டாலோ, எழுத்தில் விளக்கம் கேளுங்கள். 2023 ஆம் ஆண்டில் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, கட்டணங்களை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்துவது வங்கியின் கடமை. வங்கியின் பதிலில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். எழுதும்போது, "அதிகம் எடுத்துவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தொகை, செயற்படுத்திய திகதி, அன்றைய விசா வீதம், வகுத்து வந்த சதவீதம் ஆகிய நான்கையும் எழுதினால், அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு சில அட்டைகளில் ஒட்டவே ஒட்டாது. வலையமைப்பு இந்திய ரூபாவை முதலில் அமெரிக்க டொலராக மாற்றி வங்கியுடன் தீர்த்துக்கொள்ள, வங்கி அந்த டொலரைத் தன் விற்பனை வீதத்தில் இலங்கை ரூபாவாக்கும் ஏற்பாடும் உண்டு. இந்தியாவில் செலவழித்த பணத்துக்குக் கூற்றில் ஒரு டொலர் தொகை எட்டிப் பார்த்தால் இதுதான் காரணம். அப்போது வங்கியின் ஆதாயம் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும்: டொலரின் விற்பனை வீதத்தில் ஒன்று, அதன் மேல் ஏறும் மார்க்அப்பில் இன்னொன்று. அத்தகைய அட்டைக்குக் கணக்கை டொலரிலிருந்து இலங்கை ரூபாவுக்குப் போடுங்கள். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அந்த நாளுக்குரிய டொலர் விற்பனை வீதத்தைப் பார்த்து, அதனுடன் ஒப்பிடுங்கள். வாங்கும் வீதத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பதறுகிறவர்கள் பலர். நீங்கள் டொலர் வாங்கியவர், வங்கி விற்றது, எனவே விற்பனை வீதமே உங்களுக்குரியது.

அடுத்தது தங்குவிடுதி. உங்களுக்கு உண்மையில் நட்டம் வந்த இடம் இதுதான். இங்கே விசாவின் நாணயமாற்று நடக்கவே இல்லை. 44,520 ஐ 12,000 ஆல் வகுத்தால் சரியாக 3.71 வருகிறது. எந்த வட்டமான மார்க்அப்பைப் போட்டாலும் 3.54 இலிருந்து அங்கே போக முடியாது. விடுதியின் கருவியில் அட்டையைச் செருகியதும் திரையில் இரண்டு தொகைகள் தோன்றியிருக்கும். ஒன்றுக்கு எதிரே `INR`, மற்றொன்றுக்கு எதிரே `LKR`. "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டலாம்" என்ற தோரணையில் அது கேட்கும். விடுதிக்காரர் கருவியை உங்களிடம் தராமல் தானே அழுத்தியும் இருக்கலாம். `LKR` அழுத்தப்பட்ட அந்தக் கணத்தில், மாற்றும் வேலை விசாவின் கையை விட்டு விடுதிக்குக் கருவி கொடுத்த வங்கியின் அல்லது அதன் நாணயமாற்று நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அவர்கள் தங்கள் ஆதாயத்தைச் சேர்த்து வைத்த வீதம்தான் 3.71. அன்றைய நடு எண் 3.50 உடன் பார்த்தால், அது 6 சதவீதம் கூட.

இதோடு முடியவில்லை. தொகை இலங்கை ரூபாவில் வந்தாலும், விடுதி இருப்பது இந்தியாவில். எல்லை தாண்டிய கொடுப்பனவு என்று உங்கள் வங்கி அதற்கும் ஒரு கட்டணம் வைத்திருக்கிறது. 890.40 ஐ 44,520 ஆல் வகுத்தால் சரியாக 2 சதவீதம். ஆக மொத்தம் 45,410.40 ரூபா. அன்று `INR` அழுத்தியிருந்து, மருத்துவமனைப் பதிவோடு அதே நாளில் செயற்படுத்தப்பட்டிருந்தால், 12,000 ஐ 3.6639 ஆல் பெருக்க 43,966.80 வந்திருக்கும். ஒரு பொத்தானால் 1,443.60 ரூபா போயிருக்கிறது. "இலங்கை ரூபாவில் கட்டினால் மாற்றுக் கட்டணம் இல்லை" என்று யாராவது கவுன்டரில் உறுதி சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த உறுதியைக் கொடுக்கும் உரிமை உங்கள் வங்கிக்கு மட்டுமே உண்டு.

அந்த விடுதிப் பற்றுச்சீட்டு இன்னும் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இந்திய ரூபாத் தொகையும், மாற்று வீதமும், இலங்கை ரூபாவில் செலுத்த நீங்களே இணங்கியதாக ஒரு வாசகமும் அதில் இருக்கும். வாடிக்கையாளரிடம் கேட்காமல் நாணயத்தை மாற்றுவதற்கு வலையமைப்பின் விதிகளில் இடமில்லை. தெரிவு உங்களுக்குத் தரப்படவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், தவறான நாணயத்தில் அறவிட்டதாக உங்கள் வங்கியின் அட்டைப் பிரிவில் ஆட்சேபனை கொடுங்கள். இதற்குக் காலவரையறை உண்டு, தள்ளிப்போட வேண்டாம். பொத்தானை நீங்களே அழுத்தியிருந்தால் ஆட்சேபனை நிற்காது.

அடுத்த பயணத்துக்கு ஒரு விடயத்தை முன்கூட்டியே யோசியுங்கள். மருத்துவமனைகள் அனுமதிக்கும்போது முற்பணம் வாங்கி, வீடு திரும்பும் நாளில் மிச்சத்தை அதே அட்டைக்குத் திருப்புவது வழக்கம். அந்த மிச்சம் நீங்கள் கொடுத்த வீதத்தில் திரும்பி வராது. திருப்பும் நாளின் வீதத்தில், அதுவும் வாங்கும் பக்கத்தின் வீதத்தில் வரும். முதலில் எடுத்த மார்க்அப்பை எல்லா வங்கிகளும் மீட்டுத் தருவதில்லை. உதாரணமாக 30,000 இந்திய ரூபா மிஞ்சியது என்று வையுங்கள். 3.6639 வீதத்தில் அதற்கு நீங்கள் கொடுத்தது 1,09,917 இலங்கை ரூபா. அது 3.51 வீதத்தில் திரும்பினால் உங்களுக்குக் கிடைப்பது 1,05,300. பயன்படுத்தாத பணத்துக்கு 4,617 ரூபா செலவு. முற்பணத்தைக் குறைந்தபட்ச அளவில் வைத்து, மீதிக் கட்டணத்தை இறுதிப் பட்டியல் வந்தபின் கட்ட முடியுமா என்று மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சையின் அவசரத்தில் முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அப்பாவின் காரியம்தான் முதன்மை.

உங்கள் வீட்டில் யாராவது கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பணம் அனுப்புகிறார்கள் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்தப் பணம் இங்கே வந்ததும் இலங்கை ரூபாவாகி, பின்னர் கடனட்டை வழியாக மறுபடி இந்திய ரூபாவாகிறது. இரண்டு முறையும் ஆதாயம் எடுக்கப்படுகிறது. தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறந்து, அதில் டொலராகவே வைத்து, அதனுடன் இணைந்த பற்று அட்டையால் இந்தியாவில் கட்டினால், இலங்கை ரூபாவுக்குப் போய்த் திரும்பும் சுற்று இல்லாமல் போகிறது. ஆனால் இந்திய ரூபாவை டொலராக்கும் இடத்திலும் வங்கி மார்க்அப் வைக்கலாம். ஆகவே கணக்குத் திறப்பதற்கு முன் அந்தச் சதவீதத்தைக் கேட்டு, உங்கள் கடனட்டையின் 3.5 உடன் ஒப்பிட்டு முடிவெடுங்கள். கடனட்டையைக் கொண்டு தன்னியக்க இயந்திரத்தில் இந்திய ரூபா எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் மார்க்அப்புடன் காசு எடுப்பதற்கான முற்பணக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் சேரும்.

பயணத்துக்கு முன் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த அட்டையில் வெளிநாட்டு நாணயத்துக்கு உங்கள் மார்க்அப் எத்தனை சதவீதம், அது வீதத்துக்குள் வருகிறதா தனியாக வருகிறதா, இந்திய ரூபா நேராக இலங்கை ரூபாவாகிறதா டொலர் வழியாகவா, பணம் திரும்பினால் மார்க்அப்பும் திரும்புமா என்று கேளுங்கள். கவுன்டரில் கேட்டால் முன்பு வந்த அதே பதில்தான் வரக்கூடும். மின்னஞ்சல் அட்டைப் பிரிவுக்குப் போகும், பதிலும் எழுத்தில் உங்கள் கையில் இருக்கும். வேறு வங்கியின் அட்டை வீட்டில் யாரிடமாவது இருந்தால் அந்த வங்கிக்கும் இதே கேள்விகளை அனுப்புங்கள். விசாவின் வீதம் எந்த வங்கியின் விசா அட்டைக்கும் பொதுவானது என்பதால், நேராக இலங்கை ரூபாவாகும் இரண்டு விசா அட்டைகளில் எது மலிவு என்பதை மார்க்அப்பை வைத்தே தீர்மானித்துவிடலாம். ஒரு சதவீதம் குறைந்தாலே, மருத்துவமனையில் நீங்கள் கட்டிய அதே தொகைக்கு 1,416 ரூபா மிஞ்சும்.